காலி வீடு, சீரான பகல் வெளிச்சம்

லிஃப்ட் மெக்கானிக் தான் குடியிருக்கிற வாடகை வீட்டைத் திரையில் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில்.

அவர் அன்றைக்குப் போயிருந்தது ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு. மாதாமாதம் செய்கிற பராமரிப்பு வேலைதான். கூட வந்த கூட்டாளியை எல்லோரும் ஒல்லி என்று கூப்பிடுவார்கள். எந்தக் காலத்தில் வைத்த பெயரோ, இப்போது மனிதர் லிஃப்டுக்குள் ஏறினால் இன்னொருவர் யோசித்துத்தான் ஏற வேண்டும். ஒல்லி மொட்டைமாடி மெஷின் அறையில் பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் தரைத்தளத்தில் நின்று கதவைச் சோதித்துக்கொண்டிருந்தார். கதவு மூடும்போது கையை நடுவில் நீட்ட வேண்டும், அது திரும்பத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கைக்கு வேலை, கண்ணுக்கு வேலையில்லை.

எதிரே ஒரு வீட்டு ஏஜென்டின் அலுவலகம். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி பெரிய திரை ஒன்று வைத்திருந்தார்கள். அதில் விற்பனைக்கு இருக்கிற வீடுகள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. எல்லா வீட்டுக்குள்ளும் கேமரா ஒரே மாதிரி நுழைந்தது. குலுக்கல் இல்லை, அவசரம் இல்லை. எண்ணெய் போட்ட தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, பால்கனியில் போய் நின்றது. நல்ல ஓட்டம் என்று மெக்கானிக் மனதுக்குள் மெச்சிக்கொண்டார். அவர் பிழைப்பே சத்தமில்லாமல் நகர்கிற பொருளைப் பார்த்துக்கொள்வதுதானே.

நான்காவதோ ஐந்தாவதோ வீட்டின் கதவு திறந்தது. நுழைந்ததும் வலப்பக்கச் சுவரில் எஃகுக் கைப்பிடி ஒன்று. பழைய லிஃப்ட் கூண்டுக்குள் இருக்குமே, ஓரம் வளைந்து, நடுவில் தேய்ந்து பளபளக்கும், அந்த மாதிரி.

மெக்கானிக் கையை நீட்ட மறந்தார். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

அந்தக் கைப்பிடியைச் சுவரில் அடித்தவரே அவர்தான். இரண்டு வருஷம் முன்னால் அவர் மனைவி குளியலறையில் வழுக்கிக் கால் எலும்பை முறித்துக்கொண்டபோது, செருப்பு மாட்டப் பிடிமானம் வேண்டுமென்று, கழித்துப்போட்ட ஒரு லிஃப்டிலிருந்து கழற்றி வந்து மாட்டியது. கால் சரியான பிறகும் கழற்றவில்லை. உலகத்தில் வேறு எவன் வீட்டு வாசலிலும் லிஃப்ட் கைப்பிடி இருக்க வாய்ப்பில்லை.

கேமரா உள்ளே போனது. அவர்கள் கூடம்தான். ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் இருக்கும் வெடிப்பு அப்படியே இருந்தது. ஆனால் நாற்காலி இல்லை, மேசை இல்லை. பீரோ நின்ற இடத்தில் வெறும் சுவர். படுக்கையறைக் கதவு வழியாக எட்டிப் பார்த்தால் கட்டில் இல்லை. தரை முழுக்கத் துடைத்து வைத்தாற்போல வெளிச்சம். கேமரா பால்கனிக்குப் போய், கம்பிக்கு வெளியே அசைகிற பச்சை மரங்களைக் காட்டி நின்றது. பிறகு வேறு யாருடைய வீட்டுக் கதவோ திறந்தது.

அவருக்கு முதலில் தோன்றியது இதுதான்: அவள் போய்விட்டாள்.

ஏன் அப்படித் தோன்றியது என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தார், பிடிபடவில்லை. முந்தின நாள் சண்டை ஏதும் இல்லை. காலையில் டிபன் டப்பாவைக் கையில் கொடுத்து, "ரெண்டாவது மூடி இறுக்கமா இருக்கு, பாத்துத் திறங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், செவ்வாய்க்கிழமை அவளுக்கு விடுமுறை. வீட்டில்தான் இருப்பாள். போனைப் போட்டார். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். எடுக்கவில்லை.

மேலே ஒல்லிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, நான் கொஞ்சம் வீட்டுக்குப் போயிட்டு வரணும்."

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?"

"இல்லண்ணே. வீடு காலியா இருக்கு."

"காலியா இருந்தா என்ன, பூட்டிட்டுத்தானே வந்திருப்பே?"

"அப்படி இல்லண்ணே. வீட்ல ஒண்ணுமே இல்ல."

"திருடு போயிருச்சா? யாரு சொன்னா?"

"டிவில காட்டினாங்க."

"சரி, நீ போ. போறதுக்கு முன்னாடி வேலை நடக்குதுங்கிற போர்டை நேரா வெச்சிட்டுப் போ" என்றார் ஒல்லி.

பைக்கில் போகும்போது மெக்கானிக்கின் மூளை தன் பாட்டுக்கு ஓடியது. காலையில் அவர் கிளம்பியபோது எல்லாம் இருந்தது. அதற்குள் காலி செய்து, துடைத்து, படமும் எடுத்து, அதைக் கடையில் ஓடவும் விட்டார்களா? அவ்வளவு வேகமாகவா? சரி, செய்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் அந்த பீரோ? அவர்கள் கட்டடத்து லிஃப்டின் அளவு அவருக்கு அத்துப்படி. பீரோ அதில் நுழையாது. படி வழியாகத்தான் இறக்க வேண்டும், திருப்பத்தில் நிமிர்த்தித் திருப்ப வேண்டும், நாலு பேராவது வேண்டும். யார் அந்த நாலு பேர்? அவளுடைய அண்ணன் ஒருவன் கணக்கு. மற்ற மூன்று பேர்?

சிக்னலில் நின்றபோது அவருக்கே தன் மேல் எரிச்சல் வந்தது. மனைவி போய்விட்டாளே என்று தவிப்பதா, பீரோவைத் தூக்கியவன் எவன் என்று ஆராய்வதா? பச்சை விழுந்தது. அவர் ஆராய்ந்துகொண்டேதான் போனார்.

வீட்டு வாசலில் நின்று மறுபடியும் போன் போட்டார். கதவுக்கு உள்ளே மணி அடிப்பது கேட்டது. போனையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தார். சாவியைத் துவாரத்தில் விட்டுத் திருப்பினார்.

கதவு திறந்தது. கைப்பிடி இருந்தது. அதன் கீழே செருப்பு ஸ்டாண்ட். மேசை, நாற்காலி, நாற்காலியின் முதுகில் அவர் முந்தின நாள் போட்ட சட்டை. பீரோ நின்ற இடத்தில் நின்றது. போய்த் தொட்டுப் பார்த்தார், இரும்பு சில்லென்று இருந்தது. போன் மேசை மேல் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. திரையில் அவர் பெயர்.

நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். வந்தது குழப்பம். கூடத்தின் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அந்தத் திரையில் கூடம் இதைவிட அகலமாக இருந்தது. அதில் பட்ட வெளிச்சம் இங்கே இல்லை. முற்பகல் நேரத்திலும் மேசைக்கு அந்தப் பக்கம் மங்கலாகத்தான் இருந்தது. பால்கனிக்குப் போனார். எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள், ஏசி பெட்டிகள், ஒரு காய்ந்த துடைப்பம். மரம் என்று சொல்ல ஒரு செடிகூட இல்லை.

அப்படியானால் அது இந்த வீடு இல்லை. ஆனால் கைப்பிடி? ஜன்னல் வெடிப்பு?

பின்னால் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. மனைவி வாசலில் நின்றிருந்தாள், தோளில் ஈரத் துண்டு.

"என்னங்க, இந்நேரத்துக்கு வந்து நிக்கறீங்க? கதவு வேற தொறந்து கிடக்கு. மேல துணி காயப்போட்டுட்டு வர்றதுக்குள்ள யாரோ பூந்துட்டான்னு பதறிட்டேன்."

"நீ எங்கயும் போகலையா?"

"போனேனே, மொட்டைமாடிக்கு."

"சாமானெல்லாம் இருக்கா?"

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "உக்காருங்க மொதல்ல. ஷாக் கீக் அடிச்சுதா?"

தண்ணீர் குடித்துவிட்டு நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது நம்பும்படியாக இல்லை. அவள் முழுவதையும் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கைப்பிடி இருந்துச்சா?"

"இருந்துச்சு. சத்தியமா."

"அப்ப வாங்க, போய்ப் பாத்துடலாம்."

இருவரும் பைக்கில் திரும்பிப் போனார்கள். அலுவலகத்தில் ஏஜென்ட் எழுந்து நின்று வரவேற்றார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, யாரைப் பார்த்தாலும் விரிகிற சிரிப்பு.

"வாங்க சார், வாங்க மேடம். ஃபேமிலிக்கா, முதலீட்டுக்கா?"

"வெளிய ஓடுதே டிவி. அதுல ஒரு வீடு. வாசல்ல ஸ்டீல் கைப்பிடி வெச்சிருக்கும்."

"சூப்பர் சாய்ஸ் சார்!"

"அது எங்க வீடு."

"அந்த ஃபீலிங் வரணும் சார். பாத்த உடனே நம்ம வீடுன்னு தோணணும். அப்படித் தோணினவங்கதான் கடைசியில வாங்கறாங்க."

"தோணல சார். எங்க வீடுதான். நாங்க அதுல குடியிருக்கோம்."

ஏஜென்டின் சிரிப்பு போகாமல் அப்படியே நின்றது, அர்த்தம் மட்டும் கழன்றுகொண்டது. "குடியிருக்கீங்களா? ஓனர் அதெல்லாம் ஒண்ணும் சொல்லலையே" என்று சொல்லிவிட்டு உள்பக்கம் திரும்பி, "மேடம், கொஞ்சம் வர்றீங்களா?" என்று குரல் கொடுத்தார்.

உள்ளே ஒரு மூலையில் இரண்டு கணினிகளுக்கு நடுவே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சங்கிலி கோத்துத் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி. திரையில் ஓடுகிற வீடியோ எல்லாம் அவள் கைவேலைதானாம். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகத்திலும் குழப்பம் ஏறியது.

"நான் அந்த வீட்டுக்குப் போனதே இல்லீங்களே" என்றாள்.

"போகாம எப்படிம்மா உள்ள நடந்து போய்க் காட்டினீங்க?" என்றார் மெக்கானிக்.

"யாரும் நடக்கலீங்க. கேமராவே கிடையாது. வாங்க, காட்டறேன்."

கணினியில் ஐந்து புகைப்படங்களைத் திறந்தாள். வாசலிலிருந்து ஒன்று, கூடம் இரண்டு, படுக்கையறை ஒன்று, பால்கனிக் கதவு ஒன்று. எல்லாவற்றிலும் இவர்கள் வீடு, இவர்கள் சாமான். நாற்காலியில் மடிக்காத போர்வை. மெக்கானிக்கின் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"இது ஓனர் வந்த அன்னைக்கு! பாத்ரூம் சுவர் ஓதம் அடிக்குதுன்னு சொன்னோமே, பாக்க வந்தாரே. நான் டீ போடப் போயிருந்தேன். அந்த நேரத்துல ஃபோட்டோ எடுத்துட்டாரா?"

"ஓனர் அனுப்பினதுதான்" என்றாள் வீடியோக்கார அம்மாள். "நான் மொதல்ல சாமானை அழிச்சேன். அதுக்கு ஒரு கருவி இருக்கு. எதை எடுக்கணும்னு சொன்னா எடுத்துடும். பின்னாடி என்ன இருக்கும்னு அதுவா யூகிச்சு நிரப்பிடும்."

பீரோ இருக்கிற படத்தையும் இல்லாத படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இல்லாத படத்தில் சுவர் மாசுமறுவில்லாமல் இருந்தது. பீரோவுக்குப் பின்னால் அப்பளம் மாதிரி உரிந்து நிற்கிற பெயின்ட் மெக்கானிக்குக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாதே.

"கைப்பிடியை மட்டும் ஏன் விட்டீங்க?" என்றாள் மனைவி.

"சுவத்துல பதிஞ்சிருந்துச்சு. வீட்டோட சேர்ந்ததுன்னு நான் நெனச்சேன், அதுவும் அப்படித்தான் நெனச்சிருக்கு."

"அப்புறம் இந்த ஓட்டம்?" மெக்கானிக்குக்கு வேலை புத்தி விடவில்லை.

"இந்தக் காலிப் படத்தைக் கொடுத்து, இப்படி இப்படி நகரணும்னு எழுதிக் கொடுப்பேன். அது வீடியோவா ஆக்கித் தரும். ஒரே மூச்சில முழு வீட்டுக்கும் வராது, சில விநாடித் துண்டுதான் வரும். ஒரு துண்டு முடியுற படத்தை அடுத்த துண்டுக்கு ஆரம்பமா கொடுக்கணும். அப்பத்தான் ஒட்டு தெரியாம ஓடும்."

எழுதியதைத் திரையில் பெரிதாக்கினாள். மனைவி குனிந்து, மருந்துச் சீட்டு படிக்கிற பழக்கத்தில், வாய்விட்டே படித்தாள்.

"'வீடு விற்பனைக்கான உலா. காலியான அடுக்குமாடி வீடு. நுழைவாசலில் தொடங்கி, கண் உயரத்தில், ஒரே நிதானமான வேகத்தில் கேமரா மிதந்து முன்னே செல்கிறது. வெறும் தரை, வெறும் சுவர்கள். நேர்க்கோடுகள் நேராகவே இருக்கின்றன. கூடத்தைக் கடந்து பால்கனியில் முடிகிறது. தொடக்கம் முதல் முடிவு வரை மாறாத, சீரான பகல் வெளிச்சம்.'"

படித்து முடித்து அவள் நிமிரவில்லை. இன்னொரு தடவை, சத்தமில்லாமல் படித்தாள்.

"சாமான் வேண்டாம்னு எழுதலையே" என்றார் மெக்கானிக்.

"எழுதக்கூடாதுங்க. நாற்காலி வேண்டாம்னு எழுதினா நாற்காலின்னு பேர் வந்துடுதில்ல, சில நேரம் அதைப் பிடிச்சிக்கிட்டு ஒரு நாற்காலியைக் கொண்டாந்து போட்டுடும். அதனால வெறும் தரைன்னு எழுதறது. வெளிச்சமும் அப்படித்தான். சொல்லாம விட்டா ஒரு துண்டு காலைல இருக்கும், அடுத்த துண்டு சாயங்காலம் ஆயிடும். ஒட்டு பல்லிளிக்கும்."

"மரம்?"

அவள் சங்கடமாகச் சிரித்தாள். "ஃபோட்டோல பால்கனிக்கு வெளிய வெள்ளையா வெளுத்துப் போயிருந்துச்சு, ஒண்ணும் தெரியல. அதுவா மரத்தை வெச்சுடுச்சு. அழகா இருக்கேன்னு நானும் விட்டுட்டேன். என்ன இருக்கு உண்மையில?"

"எதிர்வீட்டு ட்ரெயினேஜ் பைப்பு."

ஏஜென்ட் இருமினார். பிறகு போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் வீட்டு உரிமையாளரிடம் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார்.

வீடியோக்கார அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "என் மேல தப்புத்தான்மா. படத்துல போர்வை இருந்துச்சு, செருப்பு இருந்துச்சு. ஆள் இருக்காங்கன்னு எனக்குத் தோணியிருக்கணும். தோணல. தினம் இதே வேலை. சாமானைப் பாத்தா அழிக்க வேண்டியதுன்னு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது."

மெக்கானிக்குக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. "பரவால்லம்மா. நான்தான் பயந்துட்டேன். இவ வீட்டைக் காலி பண்ணிட்டுக் கெளம்பிட்டான்னு நெனச்சு, வேலையைப் போட்டுட்டு ஓடினேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

மனைவி மெல்லத் திரும்பினாள்.

"என்ன நெனச்சீங்க?"

வீட்டில் கதை சொன்னபோது இந்தப் பகுதியை அவர் சொல்லியிருக்கவில்லை. சாமான் எல்லாம் போய்விட்டது என்று நினைத்ததாக மட்டும்தான் சொல்லியிருந்தார்.

"இல்ல... காலியா இருந்துச்சா... போன் வேற எடுக்கலையா..."

"திருடன் வந்தான்னு நெனைக்கல?"

"இல்ல."

"ஓனர் ஏதோ பண்ணிட்டார்னு நெனைக்கல? வேற யாரோட வீடோன்னு நெனைக்கல?"

"அதெல்லாம் அப்புறம்தான் தோணுச்சு."

"மொதல்ல தோணினது நான் போயிட்டேன்னு."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பீரோவையுமா தூக்கிட்டுப் போனேன்?"

"நாலு பேர் வேணும். அதைத்தான் வழியெல்லாம் யோசிச்சிட்டு வந்தேன்."

வீடியோக்கார அம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டாள். மனைவிக்கும் உதடு கோணியது, ஆனால் சிரிக்கவில்லை. கணினித் திரைப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, ஒரு உதவி. இதையே எங்க சாமானோட பண்ணிக் காட்ட முடியுமா?"

"எதுக்குங்க?"

"சும்மா. பாக்கணும்."

அம்மாள் ஏஜென்டின் முதுகைப் பார்த்தாள். அவர் இன்னும் போனில்தான் இருந்தார். அழிக்காத பழைய படத்தை எடுத்து வைத்தாள். எழுத்தில் 'காலியான' என்பதை எடுத்துவிட்டு 'குடும்பம் வாழும்' என்று தட்டினாள். 'வெறும் தரை, வெறும் சுவர்கள்' என்பதையும் எடுத்தாள். மற்றதெல்லாம் அப்படியே. அனுப்பிவிட்டு மூன்று பேரும் காத்திருந்தார்கள். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

வந்தது. அதே வாசல், அதே மிதப்பு. நாற்காலி, போர்வை, பீரோ எல்லாம் இருந்தன. பீரோவுக்கு மட்டும் கைப்பிடி இரண்டு பக்கமும் முளைத்திருந்தது. கேமரா மேசையைத் தாண்டும்போது, சமையலறைப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் வெளியே வந்தான். நல்ல உயரம், அடர்ந்த மீசை, கையில் கோப்பை. சொந்த வீடு மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தான். பின்னாலேயே யாரோ ஒரு பெண், தளரப் பின்னிய கூந்தலோடு, அவன் தோளில் கை வைத்துச் சிரித்தாள்.

"யாரு இவன்?" என்றார் மெக்கானிக். குரல் அவரை அறியாமலே தடித்துவிட்டது.

"யாரும் இல்லீங்க. குடும்பம்னு எழுதினேன்ல, அதுவா ரெண்டு பேரைக் கொண்டாந்துடுச்சு. உங்க முகம் அதுக்குத் தெரியாதே."

"என் நாற்காலியில உக்காந்திருக்கான்."

மனைவி இப்போது சிரித்துவிட்டாள். கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எதுவரை சிரிப்பு, எங்கிருந்து வேறொன்று என்று மெக்கானிக்குக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஏஜென்ட் போனை வைத்துவிட்டு வந்தார். உரிமையாளர் சும்மா என்ன விலை வரும் என்று பார்க்கத்தான் போட்டாராம். வாங்க ஆள் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாராம். "நீங்க குடியிருக்கறது தெரிஞ்சிருந்தா நான் போட்டிருக்கவே மாட்டேன் சார்" என்றார். அது உண்மையா என்று தெரியவில்லை, ஆனால் அன்றைக்கே திரையிலிருந்து அந்த வீட்டை எடுத்துவிட்டார்.

சாயங்காலம் உரிமையாளர் வீட்டுக்கே வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தன் மகனுக்கு வேறு ஊரில் தொழில் போடப் பணம் தேவைப்படுவதாகவும், விற்காமல் வழியில்லை என்றும் சொன்னார். கேட்காமல் படம் எடுத்ததற்கு வருத்தமும் தெரிவித்தார். விற்பது அவர் உரிமை, அதை மறுக்க இவர்கள் யார்? மனைவி மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள்.

"வீட்டை இருக்கிறபடி காட்டுங்க. வர்றவங்க நேரா வரட்டும், நானே காட்டறேன். மரம் இருக்குன்னு நம்பி ஒருத்தர் காசு போட்டு வாங்கக்கூடாது."

சில நாளில் வீடியோ மறுபடியும் திரையில் ஏறியது. இம்முறை மரம் இல்லை. வீடியோக்கார அம்மாள் இவர்களிடமே பால்கனியின் படத்தைக் கேட்டு வாங்கிக் குழாய்களை அப்படியே வைத்திருந்தாள். கீழே, 'கணினியில் உருவாக்கப்பட்ட காட்சி, வீட்டில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்' என்று ஒரு வரியும் ஓடியது. ஆனாலும் வந்தவர்கள் குழம்பத்தான் செய்தார்கள். ஒரு தம்பதி வாசலில் நின்று, "நாங்க பாத்த வீடு இது இல்லையே, அது பெருசா இருந்துச்சே" என்றார்கள். இன்னொருவர் மேசை நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, இவையும் விலையில் சேர்த்தியா என்று கேட்டார். செவ்வாய்க்கிழமைகளில் மனைவி எல்லோரையும் உள்ளே அழைத்து, பீரோவை ஒரு பக்கம் நகர்த்தச் சொல்லி உரிந்த சுவரைக் காட்டினாள். எந்த நேரத்தில் வெயில் எதுவரை வரும், எப்போது விளக்குப் போட வேண்டும் என்று சொன்னாள். பாதிப் பேர் திரும்ப வரவில்லை.

திரும்ப வந்தது ஒரு நர்ஸ். தனியாக வந்தாள், அதிகம் பேசவில்லை, சுவரைத் தட்டிப் பார்த்தாள். வயதான காலத்துக்கு வாடகை வரும்படி ஒரு வீடு வாங்கிப் போட வேண்டுமென்று பல வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிறாளாம்.

"நீங்க காலி பண்ணணும்னு எனக்கு அவசியம் இல்ல. இதே வாடகைக்கு இருக்க முடியுமா? வீட்டு ஓட்டையை எல்லாம் வாங்கறவங்ககிட்ட மறைக்காம காட்டற ஆள் எனக்குக் குடியிருந்தா நல்லதுதான்" என்றாள் மனைவியிடம்.

அப்படித்தான் முடிந்தது. உரிமையாளர் மாறினார், சுவருக்குப் புது பெயின்ட் வந்தது, இவர்கள் அதே வீட்டில் இருந்தார்கள். ஒல்லி இந்தக் கதையை ஊர் முழுக்கச் சொல்லித் தீர்த்தார். ஒவ்வொரு தடவையும் பீரோ தூக்கியவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது.

மெக்கானிக்குக்கு மட்டும் உள்ளே ஒன்று அடங்கவில்லை. நன்றாக ஓடுகிற லிஃப்டில் எங்கிருந்தோ ஒரு சின்னச் சத்தம் கேட்கும். கழற்றிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், மூடினால் மறுபடியும் கேட்கும். அந்த மாதிரி. அவள் போய்விட்டாள் என்று ஏன் முதலில் தோன்றியது? அவளைச் சந்தேகப்பட்டா? தன்னையா? இத்தனை வருஷத்தில் அவளிடம் கேட்க வேண்டிய எதையோ கேட்காமலே விட்டோமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் கடையில் அரைநாள் வேலை முடித்து வந்து பால்கனியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது, எதிரே போய் உட்கார்ந்தார். கொஞ்சம் பட்டாணியை எடுத்துத் தானும் உரித்தார். பிறகு கேட்டுவிட்டார்.

"எப்பவாவது போயிடலாம்னு நெனச்சிருக்கியா?"

அவள் கை நிற்கவில்லை. கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார், சிரிப்பாள் என்றும் எதிர்பார்த்தார்.

"ஒரு தடவை" என்றாள்.

"எப்ப?"

"கால் கட்டுப் போட்டிருந்தப்ப."

அவருக்குப் புரியவில்லை. அந்த நாட்களில் அவர் எந்தக் குறையும் வைக்கவில்லை. சமைத்தார், தூக்கி உட்கார வைத்தார், துணி துவைத்தார். "நான்தான் எல்லாம் பாத்துக்கிட்டேனே" என்றார்.

"ஆமா. எல்லாம் பாத்துக்கிட்டீங்க" என்றாள் அவள். "வலிக்குதான்னு மட்டும் கேக்கல."

கேட்டிருப்போமே, கேட்காமலா இருந்திருப்போம் என்று நாட்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். எதிர்க் கட்டடத்துக் குழாயில் தண்ணீர் கடகடவென்று இறங்கியது. அவள் அவர் கையிலிருந்த தோலை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, "சொத்தையையும் சேத்துப் போடறீங்க, பாத்து உரிங்க" என்றாள்.

"இப்ப வலிக்குதா?" என்று கேட்டார்.

"மழை வந்தா" என்றாள் அவள்.